உடம்பு சரியில்லாமல் போனதால் கால்குலஸ் அசைன்மென்ட்டுக்கு அவகாசம் கேட்கும் மெயில்: ஆஸ்திரேலியாவில் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு

பல ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் செமஸ்டர் ஜூலை மாதக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ தொடங்குகிறது. அது அங்கே குளிர்காலம். ஊரிலிருந்து வந்த பிள்ளைகளில் பலருக்கு முதல் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் அந்த ஆகஸ்டில்தான் வருகிறது. முதலாண்டு கால்குலஸ் பாடத்தில் அசைன்மென்ட்கள் வரிசையாக வந்து நிற்பதும் அதே சமயத்தில்தான். காய்ச்சலோடு படுத்திருக்கும்போது வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக் கெடு நெருங்குகிறது, லெக்சரருக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலாண்டு கணிதப் பாடங்களுக்கு ட்யூட்டராக இருந்து விடைத்தாள் திருத்தியவன் என்பதால், இந்த மெயில்கள் போய்ச் சேரும் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

கால்குலஸ் அசைன்மென்ட் கட்டுரை எழுதும் பாடங்களின் அசைன்மென்ட்டைப் போன்றதில்லை. வரலாற்றுக் கட்டுரைக்கு ஒரு வாரம், பத்து நாள் அவகாசம் கொடுப்பது லெக்சரருக்குப் பெரிய சிரமம் இல்லை. கால்குலஸில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே விடைகள். கெடு முடிந்த சில நாட்களில் முழு விடைகளையும் வகுப்புப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அடுத்த அசைன்மென்ட்டுக்கு அந்த விடைகள் மற்றவர்களுக்கு வேண்டும். விடை வெளியான பிறகு உங்கள் தாளை வாங்கி மதிப்பெண் போட முடியாது. ஆகவே இங்கே அவகாசம் என்பதற்கு இயல்பாகவே ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்று பார்த்து, அதற்குள் அடங்கும்படி கேட்பதுதான் இந்த மெயிலின் உயிர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெயில் எழுதுவதற்கு முன்

முதலில் பாடத்தின் யூனிட் அவுட்லைனைத் திறங்கள். செமஸ்டர் தொடக்கத்தில் வகுப்புப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். பல பேர் அதை ஒருமுறைகூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, தாமதத்துக்கு எவ்வளவு மதிப்பெண் குறைப்பார்கள் என்பது. சிட்னி பல்கலைக்கழகத்திலும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் பொதுவான விதி ஒரு நாளுக்கு 5 சதவீதம். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். அசைன்மென்ட்டுக்கு 20 மதிப்பெண், மொத்தப் பாடத்தில் அதன் பங்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் தாமதமானால் 20-இல் 1 மதிப்பெண் போகும். மூன்று நாள் என்றால் 3 மதிப்பெண். பாடத்தின் மொத்த 100-இல் பார்த்தால் இது முக்கால் மதிப்பெண்தான். உடம்பு உண்மையிலேயே முடியாமல் இருக்கும்போது இந்தக் கணக்கு மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி தரும். ஒரு நாள் தாமதம் போதும் என்றால், யாரையும் கேட்காமல் அந்த ஒரு மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தூங்குவதும் ஒரு நல்ல முடிவுதான். ஆனால் சில கணிதப் பாடங்களில் தாமதத் தாளே வாங்க மாட்டார்கள், கெடு தாண்டினால் பூஜ்யம். அது அவுட்லைனில் தெளிவாக எழுதியிருக்கும்.

இரண்டு, விடைகள் எப்போது வெளியாகும் என்பது. அவுட்லைனில் இல்லாவிட்டால் முந்தைய அசைன்மென்ட்டின் விடைகள் எந்தக் கிழமை வந்தன என்று வகுப்புப் பக்கத்தில் பாருங்கள். பெரும்பாலும் அதே கிழமைதான் திரும்ப வரும்.

மூன்று, மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒன்றை விட்டுவிடும் விதி இருக்கிறதா என்பது. வாராந்தர ஆன்லைன் வினாடி வினாக்களில் பத்தில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு கணிதப் பாடங்களில் சகஜம். அப்படி இருந்தால் அந்த விட்டுவிடும் வாய்ப்பே இந்த மாதிரிக் காய்ச்சலுக்காக வைத்ததுதான். அதற்கு அவகாசம் கேட்டு எழுதினால், "ஏற்கெனவே விதியில் இருக்கிறதே" என்ற ஒருவரிப் பதில்தான் வரும்.

டாக்டரை எப்போது பார்ப்பது

நம் ஊரில் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் கஞ்சி, பாராசிட்டமால், ஓய்வு. டாக்டரிடம் போகாமலே சரியாகிவிடும். ஆஸ்திரேலிய டாக்டரும் அநேகமாக அதையேதான் சொல்வார். ஆனாலும் உடம்பு முடியாமல் இருக்கும்போதே அவரைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சான்றிதழில் அவர் எழுதும் தேதி, உங்களைப் பார்த்த தேதியாகத்தான் இருக்கும். நேற்றுப் பார்த்ததாக இன்று எழுதித் தர மாட்டார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து உடம்பு சரியில்லை என்று வியாழக்கிழமை போய்ச் சொன்னால், அவர் பரிசோதித்துப் பார்த்து, நியாயமாகப் பட்டால் செவ்வாயிலிருந்து முடியாமல் இருந்திருக்கிறது என்று எழுதலாம். எல்லாம் குணமான பிறகு அடுத்த வாரம் போனால், பெரும்பாலும் "மாணவர் சொன்னதன்படி" என்றுதான் எழுதுவார். அந்தச் சான்றிதழுக்குப் பலம் குறைவு.

மாணவர் விசாவில் வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஓ.எஸ்.ஹெச்.சி. எனப்படும் வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், ஆகவே உங்களிடமும் அது இருக்கும். வளாகத்திலேயே உள்ள ஹெல்த் சர்வீஸுக்குப் போங்கள். சில இடங்களில் கட்டணத்தை நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்வார்கள். சில இடங்களில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டு வாங்க வேண்டும், கொஞ்சம் கைக்காசும் போகும். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே இதைக் கேட்டுக்கொள்ளலாம். எழுந்து போகவே முடியவில்லை என்றால் வீடியோவிலோ போனிலோ டாக்டரைப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. அவர் ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை படிக்கும் நிலையில் இல்லை என்பது சான்றிதழில் இருக்க வேண்டும். "இன்று கிளினிக்குக்கு வந்திருந்தார்" என்று மட்டும் எழுதிய தாளைப் பல்கலைக்கழகம் திருப்பிவிடும். நோயின் பெயர் கட்டாயம் இல்லை.

ஊரில் இருக்கும் குடும்ப டாக்டரிடம் போனில் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்களைப் பரிசோதிக்காத, ஆஸ்திரேலியாவில் பதிவும் பெறாத ஒருவர் எழுதிய தாள் அது. டாக்டர் உங்கள் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருந்தால் இன்னும் மோசம், நெருங்கிய உறவினர் தரும் சான்றிதழைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். பல்கலைக்கழகங்கள் சந்தேகம் வந்தால் கிளினிக்கையே தொடர்புகொண்டு சரிபார்க்கின்றன. பொய்ச் சான்றிதழ் என்று முடிவானால் அது ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். 5 சதவீத அசைன்மென்ட்டுக்காகப் படிப்பையே பணயம் வைக்கக் கூடாது.

யாருக்கு எழுதுவது

வகுப்பில் பாடம் நடத்தும் லெக்சரர், ட்யூட்டோரியல் எடுக்கும் ட்யூட்டர், பாடத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று மூன்று பேர் இருப்பார்கள். அவகாசம் தரும் அதிகாரம் அநேகமாக ஒருங்கிணைப்பாளரிடம் இருக்கும். சிறிய பாடங்களில் லெக்சரரே ஒருங்கிணைப்பாளர். ட்யூட்டரும் பெரும்பாலும் ஒரு முதுநிலை அல்லது பி.ஹெச்டி. மாணவர்தான், அவரால் தர முடியாது. அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் "சரி, திங்கட்கிழமை கொடு" என்று அவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பல பல்கலைக்கழகங்களில் சில நாட்களுக்கு மேற்பட்ட அவகாசத்தை லெக்சரரும் தர முடியாது. அது ஸ்பெஷல் கன்சிடரேஷன் என்ற தனி விண்ணப்பமாக ஆன்லைனில் போக வேண்டும். சிட்னி, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகங்களில் கெடு தேதியிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் அதைப் போட வேண்டும் என்பது விதி. உங்கள் இடத்தில் எத்தனை நாள் என்று அவர்கள் இணையப் பக்கத்தில் பாருங்கள். அப்படியானால் லெக்சரருக்கு மெயில் எதற்கு? விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய் முடிவாகச் சில நாள் ஆகும், அதற்குள் கெடு வந்துவிடும். உங்கள் நிலைமையை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் ஒரே ஆள் லெக்சரர்தான். மேலும் உங்கள் தாள் வராமலே விடைகள் வெளியாகிவிட்டால் என்ன செய்வது என்பதை முடிவு செய்பவரும் அவர்தான்.

பல்கலைக்கழகம் கொடுத்த மெயில் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். சொந்த ஜிமெயிலிலிருந்து போனால் குப்பைப் பெட்டிக்குள் விழலாம். அதுவும் போக, உங்கள் அடையாளத்தை உறுதி செய்ய முடியாமல் பதில் தரத் தயங்குவார்கள். வகுப்பின் பொது விவாதப் பக்கத்தில் கேட்காதீர்கள், முந்நூறு பேர் உங்கள் காய்ச்சலைப் பற்றிப் படிக்க வேண்டியதில்லை.

ஒரு மாணவியின் மெயில்

உதாரணத்துக்கு ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து மெல்பர்னுக்குப் பொறியியல் படிக்க வந்தவர். கால்குலஸ் 2 பாடத்தின் மூன்றாவது அசைன்மென்ட், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் கொடுக்க வேண்டும். நான்கு கேள்விகள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. அதற்கு முன் ஞாயிறு, திங்களில் முதல் இரண்டு கேள்விகளை முடித்து, மூன்றாவதில் பாதி வரை வந்திருந்தார். வியாழக்கிழமை மதியம் டாக்டரைப் பார்த்தார். சான்றிதழில் செவ்வாய் முதல் சனி வரை என்று இருக்கிறது. விடைகள் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வெளியாகும். அவர் வியாழக்கிழமை மாலையே மெயில் அனுப்புகிறார்.

பொருள் வரியில் இப்படிப் போடுகிறார்:

```
Extension request – Calculus 2, Assignment 3 – Student ID 1234567
```

இந்த வரி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளர் ஒரே செமஸ்டரில் இரண்டு மூன்று பாடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "Request" என்றோ "Urgent" என்றோ மட்டும் போட்ட மெயில்களைத் திறந்த பிறகு, யார், எந்தப் பாடம் என்று அவரே தேட வேண்டும். மாணவர் எண் பொருள் வரியிலேயே இருந்தால், அவர் மெயிலைப் பார்த்த கையோடு உங்கள் கெடு தேதியை மாற்றிவிடலாம்.

மெயிலின் உடலைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது இதே வரிசையையும் இதே நீளத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

> அன்புள்ள டாக்டர் (குடும்பப் பெயர்),
>
> நான் கால்குலஸ் 2 மாணவி, புதன்கிழமை 11 மணி ட்யூட்டோரியல் குழுவில் இருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட் 3-க்கு, வரும் திங்கட்கிழமை மாலை 5 மணி வரை அவகாசம் கேட்டு எழுதுகிறேன்.
>
> செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு இன்ஃப்ளூயன்சா காய்ச்சல். இன்று டாக்டரைப் பார்த்தேன். செவ்வாய் முதல் சனி வரை படிக்கும் நிலையில் இல்லை என்று சான்றிதழ் தந்திருக்கிறார். அதை ஸ்பெஷல் கன்சிடரேஷன் விண்ணப்பத்தோடு இன்று பதிவேற்றிவிட்டேன்.
>
> கேள்வி 1, 2, 3(a) முடிந்துவிட்டன. 3(b)-இல் தொகையீட்டை அமைத்திருக்கிறேன், இன்னும் மதிப்புக் காணவில்லை. கேள்வி 4 தொடங்கவில்லை. இதுவரை எழுதியதை இணைத்திருக்கிறேன்.
>
> விடைகள் செவ்வாய்க்கிழமை வெளியாகும் என்று அவுட்லைனில் பார்த்தேன், அதற்கு முன் கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமை வரை முடியாது என்றால், வேறு என்ன வழி இருக்கிறது என்று தெரிவித்தால் அதன்படி செய்கிறேன்.
>
> நன்றி.
> (முழுப் பெயர், மாணவர் எண்)

அவ்வளவுதான். கேட்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த விடுப்புக் கடிதத்தில் காரணம் முதலில் வரும், வேண்டுகோள் கடைசியில் வரும். அந்தப் பழக்கத்தில் எழுதினால் காய்ச்சல் கதை மூன்று பத்தி போன பிறகுதான் எத்தனை நாள் வேண்டும் என்றே தெரியவரும். அதைவிட மோசம், எத்தனை நாள் என்றே சொல்லாமல் "கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று முடிப்பது. அப்படி வந்தால் லெக்சரர் "எவ்வளவு நாள் வேண்டும்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும், நீங்கள் பதில் எழுத வேண்டும், அதற்குள் வெள்ளிக்கிழமை மாலை 5 மணி ஆகிவிடும்.

திங்கட்கிழமை என்று எப்படி முடிவு செய்தார் என்பதையும் பாருங்கள். சான்றிதழ் சனிக்கிழமை வரை. ஆகவே ஞாயிறும் திங்களும் கையில் இருக்கின்றன. மீதம் இருப்பது ஒன்றரைக் கேள்வி, அதற்கு அந்த இரண்டு நாள் தாராளம். விடைகள் செவ்வாய் காலை. அந்த எல்லைக்கு முன்னால் நிற்கும் கடைசி வேலை நாள் திங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வரை என்று கேட்டிருந்தால், லெக்சரருக்கு ஒத்துக்கொள்ள மனம் இருந்தாலும் வழி இருந்திருக்காது. அவர் மறுத்துவிட்டு, அலுவலக விண்ணப்பத்தைப் பாருங்கள் என்று விட்டுவிடுவார்.

எவ்வளவு முடித்திருக்கிறேன் என்று சொல்லும் மூன்றாவது பத்தியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். எனக்கு இந்த மெயிலில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அந்த மாணவியின் 3(b) என்ன என்று பார்ப்போம். y = √x என்ற வளைகோட்டுக்குக் கீழே, x = 0 முதல் x = 4 வரை உள்ள பரப்பை y அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வரும் கன அளவைக் காண வேண்டும். அவர் தாளில் வரைபடம் இருக்கிறது, ஓர் உருளைக் கூட்டின் ஆரம் x என்றும் உயரம் √x என்றும் குறித்திருக்கிறார், அதன் கீழே இந்த வரி இருக்கிறது:

```
V = 2π ∫₀⁴ x·√x dx
```

அங்கேயே நின்றுவிட்டது. இதில் யோசிக்க வேண்டிய பகுதி முடிந்துவிட்டது. x·√x என்பது x-இன் 3/2 அடுக்கு, அதைத் தொகையிட்டால் 128π/5 வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. லெக்சரர் இணைப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்த்தாலே, இந்தப் பெண் கடைசி நாள் வரை சும்மா இருந்துவிட்டு இப்போது சாக்குச் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் படுத்துவிட்டவர் என்று புரிந்துகொள்வார். எந்த விளக்கமும் அந்த அரைப் பக்கத்துக்கு ஈடாகாது. நீங்கள் எதுவுமே தொடங்கவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். இல்லாததை முடித்ததாகச் சொன்னால் இணைக்க ஒன்றும் இருக்காது.

கடைசிப் பத்தியில் வேறு வழி கேட்டிருப்பதும் காரணத்தோடுதான். கணிதப் பாடங்களில் அவகாசத்துக்கு மாற்றாக இன்னொரு ஏற்பாடு உண்டு. அந்த அசைன்மென்ட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, அதன் 5 சதவீதத்தை மற்ற அசைன்மென்ட்களுக்கோ இறுதித் தேர்வுக்கோ சேர்த்துவிடுவார்கள். இதை நீங்களாகவே முதலில் கேட்க வேண்டாம். எடை இறுதித் தேர்வுக்குப் போனால், வீட்டில் நிதானமாகச் செய்து வாங்கியிருக்கக்கூடிய மதிப்பெண்களைத் தேர்வறையில் வாங்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மாணவர்களுக்கு அது நஷ்டம்தான்.

அழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மெயிலில் "டியர் டாக்டர்" என்று குடும்பப் பெயரோடு எழுதினால் எங்கேயும் தவறாகாது. பேராசிரியர் என்றால் "புரொஃபசர்". அவர் பதிலில் தன் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால், அடுத்த மெயிலிலிருந்து நீங்களும் அந்தப் பெயரைச் சொல்லி எழுதலாம். ஆஸ்திரேலியாவில் அது மரியாதைக் குறைவு ஆகாது. "ரெஸ்பெக்டட் சார்" என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஒருங்கிணைப்பாளர் பெண்ணாக இருந்துவிட்டால் சங்கடம். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கவே வேண்டியிராதபடி "டாக்டர்" என்று போட்டுவிடுவது நல்லது.

எழுத வேண்டாதவை சில. வாந்தி எத்தனை முறை, காய்ச்சல் எத்தனை டிகிரி, மாத்திரை அட்டையின் படம் இவையெல்லாம் வேண்டாம். சான்றிதழ் அலுவலக விண்ணப்பத்துக்குப் போகட்டும். லெக்சரர் கேட்டால் மட்டும் அவருக்கு அனுப்புங்கள். அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார், இந்தப் பாடத்தில் தோற்றால் விசாவே போய்விடும் என்பதையும் இந்த மெயிலில் எழுத வேண்டாம். அது உண்மையான கவலை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்து ஓர் அசைன்மென்ட்டின் கெடுவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள், அவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அனுப்பிய பிறகு, பதில் வருவதற்குள்

பதில் வராமலே கெடு நெருங்கினால் என்ன செய்வது? இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. சில பல்கலைக்கழகங்களில், நீங்கள் ஓர் அசைன்மென்ட்டைச் சமர்ப்பித்தாலோ தேர்வில் உட்கார்ந்தாலோ, "நான் இதைச் செய்யும் உடல்நிலையில் இருக்கிறேன்" என்று நீங்களே அறிவித்ததாக எடுத்துக்கொள்வார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த விதி "ஃபிட் டு சிட்" என்ற பெயரில் இருக்கிறது. அங்கே பாதித் தாளைச் சமர்ப்பித்துவிட்டால், பிறகு உடம்பு சரியில்லை என்று கேட்பது கடினம்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி விதி இல்லை என்றால், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் முடித்தவரை பதிவேற்றிவிடுங்கள். கிரேட்ஸ்கோப் போன்ற தளங்களில் கெடு வரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிய கோப்பை ஏற்றலாம். அவகாசம் கிடைத்தால் முழுத் தாளை மறுபடி ஏற்றலாம், கிடைக்காவிட்டாலும் செய்த இரண்டரைக் கேள்விகளுக்கு மதிப்பெண் உண்டு. விதி இருக்கிறது என்றால், தளத்தில் எதையும் ஏற்றாதீர்கள். மெயிலில் இணைத்த பாதித் தாளே உங்களுக்குச் சாட்சியாக இருக்கும். அன்றே ஸ்பெஷல் கன்சிடரேஷன் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். எந்த விதி என்று தெரியாவிட்டால், மெயிலிலேயே ஒரு வரி கேளுங்கள்: "பதில் வரும்வரை பாதித் தாளைச் சமர்ப்பிக்கலாமா, வேண்டாமா?"

வெள்ளிக்கிழமை காலை வரை பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதி ஒருமுறை நினைவூட்டலாம். புதிதாக இன்னொரு மெயில் தொடங்க வேண்டாம், இரண்டும் தனித்தனியாகப் போய்க் குழப்பிவிடும். ட்யூட்டர், துறைத் தலைவர், மாணவர் அலுவலகம் என்று எல்லோரையும் ஒரே மெயிலில் சேர்த்து அனுப்பவும் வேண்டாம். இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

பதில் வந்த பிறகு

"சரி, திங்கட்கிழமை 5 மணி" என்று பதில் வந்தால், நன்றி சொல்லி அந்த நாளையும் மணியையும் மீண்டும் எழுதி ஒரு வரிப் பதில் அனுப்புங்கள். அந்த மெயிலை அழிக்காதீர்கள். திங்கட்கிழமை தாளை ஏற்றும்போது முதல் பக்கத்தின் மேலே, யார் எந்த நாள் வரை அவகாசம் தந்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். ஏன் என்றால், தாளைத் திருத்துவது லெக்சரர் இல்லை, ட்யூட்டர்கள்தான். தளத்தில் உங்கள் தாள் மீது தாமதம் என்று சிவப்பில் காட்டும். அவகாசம் கிடைத்தது அந்த ட்யூட்டருக்குத் தெரிந்திருக்காது, அவர் பட்டியலில் உள்ளபடி மூன்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். நான் திருத்தும்போது அந்த ஒரு வரி இருந்த தாள்களில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அப்படி எழுதியும் மதிப்பெண் குறைந்து வந்தால் லெக்சரரின் மெயிலை இணைத்துக் கேளுங்கள், திருத்திவிடுவார்கள்.

அவகாசம் கிடைத்த அந்த மூன்று நாளில் நண்பர்களோடு அந்தக் கேள்விகளைப் பற்றிப் பேசாதீர்கள். இது கால்குலஸில் மட்டும் வரும் ஒரு தனித் தொல்லை. அவர்கள் சமர்ப்பித்துவிட்டார்கள், அவர்களுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை, பாசத்தில் தங்கள் தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். கேள்வி 4-இல் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது அவர்கள் தேர்ந்தெடுத்த அதே பிரதியிடலும், அவர்கள் மாறிலியில் விட்ட அதே குறிப் பிழையும் உங்கள் தாளிலும் இருந்தால், திருத்துபவர் கண்ணில் அது உடனே படும். அறைத் தோழர் கொடுத்துவிட்டார் என்றால், அந்த அசைன்மென்ட்டை இப்போது என்னிடம் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுப்பு வந்தால் காரணத்தைப் படியுங்கள். அவருக்கு அதிகாரம் இல்லாததால்தான் மறுத்திருக்கிறார் என்றால், அலுவலக விண்ணப்பம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதன் முடிவுக்குக் காத்திருங்கள். சான்றிதழ் போதவில்லை என்றால், டாக்டரிடம் தேதிகள் சேர்த்துத் திருத்தித் தரச் சொல்லலாம். இரண்டாவது முறை அவரிடமே கெஞ்சி எழுதுவதால் மட்டும் பலன் கிடைப்பதை நான் பார்த்ததில்லை.

காய்ச்சல் ஒரு வாரத்தில் முடியாவிட்டால்

சில சமயம் காய்ச்சல் நிமோனியாவாக மாறி, மூன்று நான்கு வாரம் படுக்க வைத்துவிடும். அப்போது அசைன்மென்ட் அசைன்மென்ட்டாக அவகாசம் கேட்டுக்கொண்டே போகாதீர்கள். கால்குலஸில் ஒரு வாரப் பாடம் அடுத்த வாரப் பாடத்துக்கு அடிப்படை. மூன்று வாரம் தவறினால் அவகாசம் கிடைத்தும் செய்ய முடியாத நிலை வந்துவிடும். அந்த நேரத்தில் பேச வேண்டியது வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம். விசா, கட்டணம், வீட்டுக் கவலை எல்லாவற்றையும் அவரிடம் தயங்காமல் சொல்லலாம், அதற்காகத்தான் அவர் இருக்கிறார்.

அவரிடம் முதலில் கேட்க வேண்டியது சென்சஸ் தேதியைப் பற்றி. அந்தத் தேதிக்குள் பாடத்தை விட்டுவிட்டால் அதில் தோல்வி என்று பதிவாகாது, கட்டணப் பொறுப்பும் பெரும்பாலும் மாறும். இரண்டாம் செமஸ்டரில் அது பல இடங்களில் ஆகஸ்ட் 31. முதல் செமஸ்டரில் மார்ச் 31. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் திரும்பக் கிடைப்பதில் தனி விதிகள் உண்டு, அதையும் அவரிடமே கேளுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாடத்தின் எண்ணிக்கையைக் குறைத்தால் படிப்பை உரிய காலத்தில் முடிக்க முடியுமா என்ற கேள்வி வரும். மருத்துவக் காரணம் இருந்தால் பல்கலைக்கழகம் அதற்கு அனுமதிக்கலாம், ஆனால் அனுமதி முதலில், பாடத்தை விடுவது அப்புறம். நீங்களாகவே இணையத்தில் பாடத்தை நீக்கிவிட்டுப் பிறகு போய்ச் சொன்னால் சிக்கல் பெரிதாகிவிடும். ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது டாக்டரின் சான்றிதழ்களையும், லெக்சரருக்கு எழுதிய மெயிலையும் அதற்கு வந்த பதிலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.